மகன் கையில் வியாபாரம், தாய் மனத்தில் கவலை

யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியுள்ளார். அவருடைய மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். தகப்பனார் கட்டாரில் உழைத்துப் பணம் அனுப்புகின்றார். மகனோ சில மாதங்களாகக் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரவு நெடுநேரம் "ட்ரேடிங்" செய்கின்றானாம். சென்ற மாதம் விடுதிக் கட்டணத்துக்கென்று கொடுத்த முப்பதாயிரம் ரூபாவும் அதிலே போய்விட்டது. இப்பொழுது தாயாரின் சங்கிலியை அடகு வைத்துத் தரும்படி கேட்கின்றான்.

இக்கவலை இத்தாயார் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின், அவருடைய பெயரை வெளியிடாது, வினாக்களை மட்டும் வரிசைப்படுத்தி இங்கே விடை தருகின்றோம். மாணவரும் இதனைப் படித்தல் நன்று.

"தம்பி பங்கு வியாபாரம் செய்வதாகச் சொல்கிறான். அது குற்றமா? நான் வீணாகப் பயப்படுகிறேனா?"

பங்கு வாங்குதல் குற்றமன்று, அம்மா. ஆனால் தங்கள் மகன் செய்வது பங்கு வியாபாரந்தானா என்பதை முதலில் அறிதல் வேண்டும். கைத்தொலைபேசியில் நடைபெறும் இவ்வகை வியாபாரங்கள் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும், உண்மையில் மூவகைப்படும்.

முதலாவது, கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பனியின் பங்கை வாங்குவது. இதற்கு உரிமம் பெற்ற பங்குத் தரகர் ஒருவர் வேண்டும். வாங்கிய பங்கு சி.டி.எஸ். எனப்படும் மத்திய வைப்பகத்தில் மகனுடைய பெயரிலேயே பதிவாகும். விலை வீழ்ந்தால் நட்டம் உண்டு. ஆயினும் கடன்படாமல் வாங்கியவன் தான் போட்ட பணத்துக்கு மேல் இழப்பதில்லை. ஓரிரவில் அனைத்தும் மறைந்துபோவதும் அரிது.

இரண்டாவது, எப்பொருளையும் வாங்காமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்பதன்மேல் மட்டும் பணம் கட்டுவது. அந்நிய நாணயம், பொன், மசகெண்ணெய் முதலியவற்றின் விலைகளை வைத்து வெளிநாட்டுக் கம்பனிகள் இதனை நடத்துகின்றன. திரையில் XAUUSD என்று கண்டால் அது பொன்னின் டொலர் விலை. EURUSD என்று கண்டால் அது யூரோவின் டொலர் விலை. இதில் தங்கள் மகன் பொன்னையும் பெறுவதில்லை, யூரோவையும் பெறுவதில்லை. விலை வித்தியாசம் மட்டுமே கணக்கிற் சேர்கிறது அல்லது கழிகிறது.

மூன்றாவது, வியாபாரமே நடைபெறாமல், திரையில் இலக்கங்களை மட்டும் காட்டி ஏமாற்றும் போலிச் செயலி.

இம்மூன்றில் எது என்பதை அறிய ஒரு கேள்வி போதும். "நீ வாங்கியது யாருடைய பெயரில், எங்கே பதிவாகியிருக்கிறது?" என்று மகனை அமைதியாகக் கேளுங்கள். சி.டி.எஸ். கணக்கின் கூற்றை அவன் காட்டினால் முதலாம் வகை. தரகரின் பெயர் இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் உரிமப் பட்டியலில் உண்டா என்று பார்த்துத் தெளியலாம். அவ்வாறு எதனையும் காட்ட இயலாவிடின், அது பங்கு வியாபாரமன்று. முப்பதாயிரம் ரூபா ஓரிரவில் மறைந்தது என்று தாங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கையில், இரண்டாம் வகை என்றே நாம் கருதுகின்றோம்.

"களவு போகாமல், முப்பதாயிரம் ரூபா ஓர் இரவிலே எங்கே போகும்?"

இதுவே தங்கள் கடிதத்தின் தலையாய வினா. விடை "லெவரேஜ்" என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. சிறு பணத்தைப் பிணையாகக் கொண்டு, அதனைப் போலப் பன்மடங்கு பெறுமதியான வியாபாரத்தைச் செய்ய இடமளிப்பதே லெவரேஜ். செயலியில் 1:500 என்று காட்டினால், ஒரு ரூபாவைப் பிணை வைத்து ஐந்நூறு ரூபாப் பெறுமதியான வியாபாரம் செய்யலாம் என்பது பொருள்.

கணக்கு எளிதாக அமைவதற்காக, ஒரு டொலர் 300 ரூபா என்றும், ஓர் அவுன்சு பொன் 3,000 டொலர் என்றும் வைத்துக்கொள்வோம். மகன் 30,000 ரூபா, அதாவது 100 டொலர் போடுகின்றான். பொன்னிலே 0.10 என்னும் அளவைத் தெரிந்து, "விலை ஏறும்" என்று பொத்தானை அழுத்துகின்றான். 0.10 என்பது கண்ணுக்கு மிகச் சிறிய எண். ஆனால் அது 10 அவுன்சு பொன்னைக் குறிக்கும். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 39 பவுண். அதன் பெறுமதி 30,000 டொலர். ரூபாவில் தொண்ணூறு இலட்சம். இதற்கு 1:500 விகிதப்படி 60 டொலர் பிணையாக ஒதுக்கப்படுகிறது.

இப்பொழுது பொன்னின் விலை அவுன்சுக்கு ஒரு டொலர் மாறினால், 10 அவுன்சுக்கு 10 டொலர் மாறும். விலை 7 டொலர் இறங்கினால் மகனுடைய நட்டம் 70 டொலர். மீதி 30 டொலர். ஒதுக்கிய பிணையில் அரைவாசியாக மீதி குறைந்தவுடன், பல கம்பனிகளில் செயலி யாரையும் கேளாமல் வியாபாரத்தைத் தானே முடித்துவிடும். 30,000 ரூபாவில் 9,000 ரூபா மட்டுமே மிஞ்சும். அதன் பின்னர் பொன் விலை மீண்டும் ஏறினாலும் பயனில்லை. ஏறும்போது மகனிடம் வியாபாரம் இல்லை.

மூவாயிரம் டொலர் விலையில் ஏழு டொலர் என்பது ஒரு சதவீதத்தின் காற்பங்கிலும் குறைவு. அவ்வளவு அசைவு பொன்னுக்கு ஒரு மணி நேரத்தில் வரக்கூடும். அமெரிக்காவின் வேலைவாய்ப்பு, விலைவாசி பற்றிய புள்ளிவிவரங்கள் நியூயோர்க்கில் காலை 8.30 மணிக்கு வெளியாகும். நமக்கு அது மாலை 6 மணி அல்லது 7 மணி. அப்பொழுது சில நிமிடங்களிலேயே அவ்வசைவு நிகழ்ந்துவிடலாம். தங்கள் மகன் மாலையிலிருந்து நள்ளிரவு வரை திரையைப் பார்த்திருப்பதன் காரணமும் இதுவே: இலண்டனும் நியூயோர்க்கும் சுறுசுறுப்பாக இயங்கும் நேரம் அது.

பணத்தை யாரும் களவெடுக்கவில்லை, அம்மா. முப்பதாயிரம் ரூபாவின் தோளிலே தொண்ணூறு இலட்சத்தின் சுமை ஏற்றப்பட்டது, அது முறிந்தது. அதே மகன் 0.01 என்ற அளவில், அதாவது ஓர் அவுன்சு மட்டும் எடுத்திருந்தால், அதே இறக்கத்தில் 7 டொலர் மட்டுமே இழந்திருப்பான். ஆகவே, "எவ்வளவு பணம் போட்டாய்?" என்பதிலும் "எவ்வளவு பெறுமதிக்கு எடுத்தாய்?" என்பதே முக்கியமான கேள்வி.

ஐரோப்பியப் பிணையங்கள் மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2018 ஆம் ஆண்டில் இவ்வகை வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. சாதாரண மக்களின் கணக்குகளுள் நூற்றுக்கு 74 முதல் 89 வரையானவை நட்டமடைவதாக அப்பொழுது அது எடுத்துக்காட்டியது. பொன்னுக்கு 1:20 என்ற எல்லைக்கு மேல் லெவரேஜ் அளித்தலாகாது என்றும் விதித்தது. அவ்வெல்லைப்படி, மேலே சொன்ன வியாபாரத்துக்கு 1,500 டொலர் பிணை வேண்டும். 100 டொலர் வைத்திருப்பவனால் அதனைத் தொடங்கவே முடியாது. அத்தகைய எல்லை இல்லாத நாடுகளிற் பதிவான கம்பனிகளே 1:500, 1:1000 என்று விளம்பரம் செய்கின்றன.

"ஆனால், பத்துக்கு எட்டு முறை வெல்கிறேன் என்கிறான். நானும் திரையிலே பச்சை நிறத்தைக் கண்ணாற் கண்டேன்."

அவன் பொய் சொல்லாமலும் இருக்கலாம். ஐம்பது முறை வியாபாரம் செய்து நாற்பது முறை வென்றான் என்று கொள்வோம். ஒவ்வொரு வெற்றியிலும் 3 டொலர் கிடைத்தவுடன், அது கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சி முடித்துக்கொள்கின்றான். மொத்த இலாபம் 120 டொலர். தோற்ற பத்து முறையோ, "திரும்பி வரும், திரும்பி வரும்" என்று காத்திருந்து, ஒவ்வொன்றிலும் 20 டொலர் இழக்கின்றான். மொத்த நட்டம் 200 டொலர். பத்துக்கு எட்டு முறை வென்றவன் முடிவில் 80 டொலர் தோற்றுப்போனான். புதியவர்கள் பெரும்பாலும் வீழ்வது இவ்விடத்திலேதான்.

இன்னுமொன்று. திரையில் Demo என்ற சொல் உண்டா என்று பாருங்கள். உண்டாயின் அது பயிற்சிக் கணக்கு. அதிலுள்ள டொலர் வெறும் எண்ணே. பயிற்சிக் கணக்கின் இலாபத்தைப் படம் பிடித்து நண்பருக்குக் காட்டுவோரும் உளர்.

உண்மை நிலையை அறிய வழி ஒன்றே. செயலியிலே பணம் போட்ட வரலாறு Deposit என்றும், எடுத்த வரலாறு Withdrawal என்றும் இருக்கும். முதல் நாளிலிருந்து போட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு மெய்யாகவே திரும்பி வந்ததை மறுபக்கம் கூட்டுங்கள். இவ்விரண்டின் வித்தியாசமே கணக்கு. மகன் தானே அதனை எழுதிக் கூட்டுவானாயின், நாம் சொல்லும் நூறு வார்த்தையிலும் அத்தாள் அவனுக்கு அதிகம் சொல்லும்.

"அவனுக்கு இதனைக் கற்பிப்பவர் அவனைவிட ஐந்தாறு வயது மூத்த 'அண்ணா' ஒருவராம். நல்லவர் என்கிறான். எப்படி நம்புவது?"

அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டறியுங்கள். பல கம்பனிகள், புதியவரை அழைத்து வருவோருக்குத் தரகு கொடுக்கின்றன. அத்தரகு பெரும்பாலும் அழைத்து வரப்பட்டவர் செய்யும் வியாபாரத்தின் அளவைப் பொறுத்தது. அவர் வென்றாரா தோற்றாரா என்பதைப் பொறுத்ததன்று. மாணவன் பெரிய அளவில் அடிக்கடி வாங்கி விற்றால், மாணவன் அழிந்தாலும் அண்ணாவுக்கு வருமானம் உண்டு. அவர் அனுப்பிய இணைப்பை அழுத்தியே மகன் கணக்குத் திறந்தானாயின், "இதில் அவருக்குத் தரகு உண்டா?" என்று கேட்க மகனுக்கு உரிமை உண்டு. நேர்மையானவர் மறைக்கமாட்டார்.

அண்ணா சொல்லும் செயலி போலியாகவும் இருக்கலாம். போலியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் மூன்றை மறவாதிருங்கள்.

முதலாவது, நாள்தோறும் ஒரே சீரான இலாபம். மெய்யான சந்தையில் நட்ட நாட்கள் உண்டு. மேலும், நாணயங்களினதும் பொன்னினதும் உலகச் சந்தை சனிக்கிழமைகளில் மூடியிருக்கும். கிரிப்டோ நாணயங்களுக்கு மட்டுமே விடுமுறை இல்லை. சனிக்கிழமையிலும் பொன் வியாபாரத்தில் வழக்கமான இலாபம் வந்ததாகச் செயலி காட்டினால், அதனை ஐயுற வேண்டும்.

இரண்டாவது, ஆள் சேர்த்தால் மேலதிகப் பணமும் பதவியும். எம்.ரி.எப்.ஈ. என்ற செயலி இவ்வாறே இலங்கையிலும் வங்காளதேசத்திலும் பரவியது. வியாபாரம் தானாகவே நடைபெறும் என்று சொல்லி ஆட்களைச் சேர்த்த அச்செயலி, 2023 ஆகஸ்டில் வீழ்ந்தது. பணத்தை எடுக்க முடியாமற் போனதோடு, பலருடைய கணக்குகளில் அவர்களே கடன்பட்டிருப்பதாகவும் இலக்கங்கள் தோன்றின. அவ்வாண்டிலே இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் அதன் பெயரையும் வெளியிட்டது. வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி அத்தகைய திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி, அதனை ஊக்குவிப்பதும் குற்றமாகும். தோழனைச் சேர்த்துவிடும் மாணவனும் இதில் அகப்படக்கூடும் என்பதை மகன் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, பணத்தை எடுக்கப் பணம் கேட்பது. முதலில் ஐயாயிரம் ரூபாவைத் தடையின்றித் திருப்பித் தந்து நம்பிக்கையை வளர்ப்பார்கள். பெருந்தொகையைக் கேட்கும்பொழுது, "வரி கட்டுங்கள்", "உறுதிப்படுத்தும் கட்டணம் அனுப்புங்கள்" என்பார்கள். கட்டணம் உண்டாயின், இருக்கும் பணத்திலே கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே! புதிதாக அனுப்பச் சொல்வது ஏமாற்றின் அடையாளம். அவ்விடத்திலே நிறுத்துக, ஒரு ரூபாவும் மேலே அனுப்பற்க.

"அவனுடைய வங்கிக் கணக்கிலே முன்பின் அறியாத ஆட்களின் பெயர்கள் தெரிகின்றன. இது என்ன?"

இதனை நாம் மிகவும் முக்கியமாகக் கொள்கின்றோம். இலங்கையில் கடனட்டை, பற்று அட்டை ஆகியவற்றைக் கொண்டு கிரிப்டோ நாணயங்களுக்குப் பணம் செலுத்த மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. ஆகையால் பலர், முன்பின் அறியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பி, அவரிடமிருந்து யூ.எஸ்.டி.ரி. என்னும் டொலருக்கு ஒப்பான கிரிப்டோ நாணயத்தைப் பெற்று, அதனைச் செயலிக்கு அனுப்புகின்றனர். பணம் எடுக்கும்போது இதுவே மறுதலையாக நடைபெறும். யாரோ ஒருவர் மகனுடைய கணக்கில் ரூபாவை இடுவார்.

அந்த யாரோ ஒருவர் இட்ட பணம் வேறொருவரை ஏமாற்றிப் பெற்றதாக இருந்தால், விசாரணை மகனுடைய கணக்கைத் தேடி வரும். கணக்கு முடக்கப்படவும் கூடும். அவன் அறியாமற் செய்ததாயினும், விளக்கம் சொல்ல வேண்டியவன் அவனே. இதனினும் கொடியது, "உன் கணக்கைச் சில நாள் தா, கமிஷன் தருகிறோம்" என்று கேட்பது. கணக்கையோ, வங்கி அட்டையையோ, கடவுச்சொல்லையோ எவருக்கும் இரவல் கொடுத்தலாகாது. கொடுத்திருந்தால் அன்றே வங்கிக்கு அறிவித்தல் வேண்டும்.

"பிள்ளையிடம் எந்த மாற்றத்தைக் கண்டால் நான் அஞ்ச வேண்டும்?"

செயலியைப் பார்ப்பது மட்டும் ஆபத்தின் அறிகுறியன்று. இழந்ததை உடனே மீட்க முயல்வதே முதல் அறிகுறி. நேற்று 0.05 எடுத்துத் தோற்றவன், இன்று 0.10 எடுத்து ஈடுசெய்ய எண்ணுகின்றானா? வேறொன்றுக்கென்று ஒதுக்கிய பணம், கட்டணமோ வாடகையோ, அதில் இறங்குகின்றதா? நண்பரிடமும் கடன் தரும் செயலிகளிடமும் கடன்படுகின்றானா? இலாபத்தை மட்டும் சொல்லி நட்டத்தை மறைக்கின்றானா? இவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்பட்டால், வியாபாரம் சூதாக மாறிவிட்டதென்று கொள்க.

உறக்கமும் உணவும் குறைந்து, யாருடனும் பேசாது, தான் இருந்து பயனில்லை என்ற தொனியில் ஒரு சொல் சொன்னாலும், பணப் பேச்சை அக்கணமே விட்டுவிடுங்கள். அவனைத் தனியே விடாது அருகில் இருந்து, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பணம் பின்னர் பேசிக்கொள்ளலாம்.

"சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்கவா? ஒரு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்கிறான்."

கொடுக்காதீர்கள், அம்மா. அவன் சத்தியம் பொய்யென்பதற்காகச் சொல்லவில்லை. கணக்கு அவனுக்கு எதிராக நிற்கின்றது. நூறு ரூபாவில் ஐம்பதை இழந்தவன் பழைய இடத்துக்கு வர, மிஞ்சிய ஐம்பதை இரு மடங்காக்க வேண்டும். எழுபத்தைந்தை இழந்தவன், மிஞ்சிய இருபத்தைந்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு மாதத்தில் அதனைச் செய்ய, முன்னையிலும் பெரிய அளவில் எடுத்தாக வேண்டும். முப்பதாயிரத்தை முறித்த அதே சுமை சங்கிலியையும் முறிக்கும்.

அதற்காகத் தொலைபேசியைப் பறிக்கவும் வேண்டாம். பறித்தால் நண்பனுடைய தொலைபேசியிலே தொடர்வான். தங்களுக்கு மட்டும் தெரியாமற் போகும். ஒரு மாலை அவனை அருகில் இருத்தி, போட்டதையும் எடுத்ததையும் அத்தாளிலே கூட்டுங்கள். செயலியில் மிஞ்சியிருக்கும் பணத்தை அன்றே வங்கிக்குத் திருப்பச் சொல்லுங்கள். சொந்தப் பணம் தடையின்றி வருகின்றதா என்பதே அந்தக் கம்பனியைச் சோதிக்கும் முறையுமாகும். வராவிடின், செய்திகளையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் அழிக்காது வைத்துக்கொண்டு, வங்கிக்கும் பொலிசாருக்கும் முறையிடுங்கள். "இழந்ததை மீட்டுத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வருவோரிடம் மீண்டும் ஏமாறாதீர்கள்.

விடுதிக் கட்டணத்தைத் தாங்களே நேரடியாகச் செலுத்திவிடுங்கள். தகப்பனாருக்கும் மறைக்க வேண்டாம். ஆனால் செய்தியைத் தாங்கள் சொல்வதிலும், மகனே அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாருக்குப் பேசுவது நன்று. உண்மையாகவே பங்குச் சந்தையில் ஆர்வம் உண்டென்று அவன் சொன்னால், படிப்பு முடிந்து தன் உழைப்பில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு, தன் பெயரிலே பங்கு வாங்கட்டும். அதற்குச் சந்தை காத்திருக்கும். இரண்டாம் ஆண்டுப் பரீட்சை காத்திராது.